ஆஸ்திரேலியாவில் 18 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்: கார்டியனும் தங்குமிடமும், கேள்வி பதில்

பள்ளிப் படிப்புக்காக மாணவர் விசாவில் (சப்கிளாஸ் 500) ஆஸ்திரேலியா போகும் பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வங்கி இருப்பு பற்றி இங்கே பேசவில்லை. பிள்ளை யாருடன், எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பது மட்டும்.

மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே ஒரு கார்டியனைப் போட்டுவிட்டால் போதும்தானே?

யாரைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 18 வயது நிறையாத மாணவரின் விசாவோடு 8532 என்ற எண்ணுள்ள நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். அதன்படி பிள்ளையின் தங்குமிடத்துக்கும் நலனுக்கும் மூன்று வழிகளில் ஒன்று இருக்க வேண்டும்.

ஒன்று, பெற்றோருடனோ, சட்டப்படி பிள்ளையின் பொறுப்பைப் பெற்றவருடனோ, பெற்றோர் நியமித்த தகுதியுள்ள உறவினருடனோ ஆஸ்திரேலியாவில் தங்குவது. இரண்டு, பள்ளியே நலப்பொறுப்பை ஏற்று, தான் ஒப்புதல் தந்த இடத்தில் தங்கவைப்பது. இதற்குப் பள்ளி தரும் கடிதத்தைச் சுருக்கமாக ‘சிஏஏடபிள்யூ’ என்பார்கள். மூன்றாவதும் உண்மையில் முதல் வழியின் கிளைதான்: பெற்றோரில் ஒருவரோ உறவினரோ மாணவர் காப்பாளர் விசா (சப்கிளாஸ் 590) எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போய் உடன் இருப்பது.

இந்த மூன்றுக்கும் வெளியே நான்காவது வழி கிடையாது. நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு வேலை பார்த்தவர் என்று எவ்வளவு நம்பிக்கையானவரைக் காட்டினாலும், அவர் பள்ளியின் ஒப்புதலுக்குள் வராவிட்டால் விசா அதிகாரியின் பார்வையில் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை.

மெல்போர்னில் எங்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர் இருக்கிறார். மகளுக்கு அவர் சித்தப்பா முறை. அவர் போதாதா?

விண்ணப்பங்கள் அதிகம் இடறும் இடம் இது. ‘சித்தப்பா முறை’ வேறு, சித்தப்பா வேறு. விதிகள் ஏற்கும் உறவுகள் பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியவையும், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழியில் இவற்றுக்கு இணையானவையும். அண்ணன் மகன், தங்கை மகள் போன்ற உறவுகளும் பட்டியலில் உண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு 21 வயது கடந்த அண்ணன் பிள்ளை இருப்பது அபூர்வம்.

பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகள், அதாவது ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று ஒரே சொல்லில் அடக்கும் உறவுகள், இந்தப் பட்டியலில் இல்லை. நம்மிடம் சிக்கல் என்னவென்றால், அப்பாவின் பெரியப்பா மகனும் பிள்ளைக்குச் சித்தப்பாதான், அம்மாவின் சித்தி மகனும் மாமாதான். விண்ணப்பத்தில் ‘அங்கிள்’ என்று எழுதும்போது பெற்றோர் பொய் சொல்வதில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழ்களை அடுக்கிப் பார்க்கும் அதிகாரிக்கு இருவரின் பெற்றோரும் வேறு வேறு ஆட்கள் என்று தெரிந்துவிடும். நியமனம் அங்கேயே விழும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த ‘சித்தப்பா’வைப் பெற்ற தாய் தந்தையின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் உங்களைப் பெற்றவர்களின் பெயரை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர் தகுதியுள்ள உறவினர். வேறாக இருந்தால் அவரை மறந்துவிட்டுப் பள்ளியின் கடிதத்துக்குப் போங்கள். அவருடைய வீட்டிலேயே பிள்ளை தங்க வேண்டும் என்றால், அந்த வீட்டைப் பள்ளி தன் நடைமுறைப்படி சோதித்து ஒப்புதல் தர முடியுமா என்று கேட்கலாம். சில பள்ளிகள் செய்யும், சில மறுத்துவிடும்.

கணவன் மனைவி இருவரில் யாரைக் குறிப்பிடுவது என்ற சந்தேகம் வந்தால், ரத்த உறவு உள்ளவரையே குறிப்பிடுங்கள். மாமாவும் மாமியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், மாமிதான் பிள்ளையைக் கவனிக்கப்போகிறார் என்றாலும், காகிதத்தில் மாமாவின் பெயர் இருப்பதே பாதுகாப்பு. அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே பெற்றோர் என்பதை நேரடியாகக் காட்டிவிடலாம்.

உறவு சரியாக இருக்கிறது. அதன் பிறகு வேறென்ன பார்ப்பார்கள்?

மூன்று விஷயங்கள். உறவினருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நன்னடத்தை உள்ளவர் என்று காட்ட, அவர் வாழ்ந்த நாடுகளின் காவல்துறைச் சான்று தேவைப்படும். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த காலத்துக்கு அது ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறையின் சான்று. மூன்றாவது, பலரும் கோட்டைவிடுவது: பிள்ளையின் விசா முடியும் நாள், பிள்ளைக்கு 18 நிறையும் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை அந்த உறவினருக்கு ஆஸ்திரேலியாவில் இருக்க அனுமதி இருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைத் தேதிகளோடு பார்த்தால் இது தெளிவாகும். மகள் பிறந்தது 2011 ஆகஸ்ட் 20. 2027 ஜனவரி கடைசியில் பத்தாம் வகுப்பு தொடங்குகிறது, 2029 டிசம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. அவளுக்கு 18 நிறைவது 2029 ஆகஸ்ட் 20. ஆக, படிப்பு முடியும் முன்பே 18 வந்துவிடுவதால், பொறுப்பாளர் தேவைப்படும் காலம் 2027 ஜனவரி முதல் 2029 ஆகஸ்ட் வரை.

குடும்பத்தின் கையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலாமவர் அம்மாவின் சித்தி மகன், ஆஸ்திரேலியக் குடிமகன், சொந்த வீடு, நல்ல வேலை. உறவுப் பட்டியலில் இல்லாததால் அவர் விலகுகிறார். இரண்டாமவர் மகளின் சொந்த அண்ணன், வயது 22, அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். உறவும் வயதும் பொருந்துகின்றன. ஆனால் அவனுடைய மாணவர் விசா 2028 மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு தங்கை பதினேழு மாதம் பொறுப்பாளர் இல்லாமல் நிற்பாள். ‘அதற்குள் வேறு விசா வாங்கிவிடுவான்’ என்ற எதிர்பார்ப்பு சான்று ஆகாது. மூன்றாமவர் அப்பாவின் உடன்பிறந்த தங்கை, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், வாடகை வீட்டில் இருக்கிறார். வசதி குறைவு என்று குடும்பம் கடைசியாக யோசித்த அந்த அத்தைதான் விதிப்படி தேறுகிறார்.

என்னென்ன ஆவணங்கள் தர வேண்டும்?

உறவினரை நியமிக்கப் படிவம் 157என். அதை நிரப்பிக் கையெழுத்திடும் கடமை பெற்றோருக்கும் உண்டு, ஏற்றுக்கொள்ளும் உறவினருக்கும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விசா வழங்கச் சம்மதம் தெரிவிப்பது படிவம் 1229. பிள்ளை மீது சட்ட உரிமை உள்ள இருவரும் அதில் சம்மதம் தர வேண்டும். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும், பிரிந்திருந்தால் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்று சொல்லும் நீதிமன்ற ஆணையும் தேவை. ‘அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது’ என்று வெறும் கடிதம் எழுதி அனுப்புவது விண்ணப்பத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்.

உறவை நிரூபிப்பது ஒரு சங்கிலி. மேலே சொன்ன அத்தைக்கு மூன்று கண்ணிகள் வேண்டும்: மகளின் பிறப்புச் சான்றிதழ் (அதில் அப்பா பெயர்), அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் (அதில் தாத்தா பாட்டி பெயர்), அத்தையின் பிறப்புச் சான்றிதழ் (அதிலும் அதே தாத்தா பாட்டி பெயர்). பழைய பதிவுகளில் பெயர் இல்லாமலோ, பாட்டியின் பெயர் இரண்டு விதமான எழுத்துகளோடோ இருக்கும். ஒரு சான்றிதழில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக என்றும் இருக்கும். அப்படியானால் பெற்றோர் பெயர் அச்சான கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றைச் சேர்த்து, எது எதனோடு பொருந்துகிறது என்று ஒரு பக்க விளக்கக் குறிப்பும் வையுங்கள். திருமணத்துக்குப் பின் அத்தை பெயரை மாற்றியிருந்தால் திருமணச் சான்றிதழும் ஒரு கண்ணிதான். தமிழில் உள்ள ஆவணம் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போக வேண்டும்.

இவற்றோடு உறவினரின் அடையாளச் சான்று, ஆஸ்திரேலியாவில் இருக்க அவருக்கு உள்ள உரிமையைக் காட்டும் ஆவணம், காவல்துறைச் சான்று ஆகியவை சேரும். எல்லாம் இணையக் கணக்கில் பிள்ளையின் விண்ணப்பத்தோடுதான் ஏற்றப்படும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கார்டியனாக இருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றனவே. நோட்டரியிடம் பத்திரம் எழுதி ஒருவரைக் கார்டியனாக ஆக்கவும் முடியும் என்கிறார்கள்?

இரண்டும் தனித்து நின்றால் விசாவுக்குப் பயன்படாது. நோட்டரி பத்திரமோ அதிகாரப் பத்திரமோ ஒருவரைத் தகுதியுள்ள உறவினராக மாற்றாது, சட்டப்படி பிள்ளையின் பொறுப்பாளராகவும் ஆக்காது.

நிறுவனங்களின் கதை கொஞ்சம் வேறு. பள்ளி நலப்பொறுப்பை ஏற்று, அன்றாடக் கவனிப்பையும், உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் தங்கவைக்கும் ஹோம்ஸ்டே ஏற்பாட்டையும் அப்படி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அப்போது அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும் கண்காணிப்பதும் பள்ளியின் கடமை. எனவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது நிறுவனத்திடம் அல்ல, பள்ளியிடம்: ‘இந்த நிறுவனத்தின் ஏற்பாட்டை ஏற்று நீங்கள் நலப்பொறுப்புக் கடிதம் தருவீர்களா?’ மின்னஞ்சலில் ‘ஆம்’ வந்த பிறகே அடுத்த காரியம்.

பள்ளி தரும் அந்தக் கடிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தேதிகளை. கடிதத்தின் சாரமே இரண்டு தேதிகள்தான்: பள்ளி பொறுப்பேற்கும் நாள், பொறுப்பு முடியும் நாள். விசாவும் இந்தப் பொறுப்புக்காலத்தோடு கட்டுண்டது.

முடியும் நாளை முதலில் பாருங்கள். குறைந்தபட்சமாகப் படிப்பின் சேர்க்கை உறுதிச்சான்று காட்டும் காலம் முழுதும், அதற்குப் பின் ஏழு நாளும் பொறுப்புக்குள் வர வேண்டும். தேர்வு முடிந்து, பெட்டி கட்டி, விமானம் ஏறுவதற்குத்தான் அந்த ஏழு நாள். இடையிலேயே 18 நிறைந்துவிடும் பிள்ளைக்கு அந்தப் பிறந்தநாளோடு பொறுப்பு முடியலாம். நம் உதாரணத்து மகளுக்கு அது 2029 ஆகஸ்ட் 20.

தொடங்கும் நாளில்தான் விமானச்சீட்டு எடுப்பவர்கள் தவறுகிறார்கள். பள்ளி குறிப்பிட்ட தொடக்க நாளுக்கு முன் பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே கூடாது. அப்படி நுழைவது 8532-ஐ மீறுவது. கடிதத்தில் 2027 ஜனவரி 20 என்று இருந்தால், கணக்கில் வருவது ஆஸ்திரேலியாவில் தரையிறங்கும் தேதி. 19 இரவு கிளம்பி 20 காலை இறங்கும் விமானம் சரி. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று 18 இரவு கிளம்பி 19 அன்று இறங்கினால், அந்த ஒரு நாளும் பிள்ளைக்கு அங்கே பொறுப்பாளர் இல்லை. அம்மாவும் அப்பாவும் கூடவே வருகிறார்கள், ஒரு வாரம் முன்னதாக ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தால், டிக்கெட்டுக்கு முன் பள்ளிக்கு எழுதித் தொடக்கத் தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். கடிதம் வந்த பிறகு தேதியை மாற்றுவதைவிட, வருவதற்கு முன்பே பேசி வைப்பது சுலபம்.

ஹோம்ஸ்டே வீட்டைப் பள்ளி உண்மையில் சோதிக்கிறதா? என்ன சோதனை?

கட்டாயம் சோதிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களை ஏற்கும் கல்வி நிறுவனங்களுக்கான 2018 தேசிய நெறிமுறையின் ஐந்தாம் தரநிலை இதைப் பள்ளியின் கடமையாக்குகிறது. ஒப்புதல் தரும் முன் ஒருமுறை, அதன் பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீடு பிள்ளையின் வயதுக்கும் தேவைக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தங்குமிடமும் கவனிப்பும் தரும் பெரியவர்கள், குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான சோதனையில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சோதனையை ஒவ்வொரு மாநிலமும் தன் முறையில் நடத்துகிறது. குவீன்ஸ்லாந்தில் அதை புளூ கார்டு என்பார்கள்.

பெற்றோராக நீங்கள் கேட்கக் கூடியவை: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் 18 கடந்தவர் எத்தனை பேர், எல்லோருக்கும் அந்தச் சோதனை முடிந்ததா, பிள்ளைக்குத் தனி அறையா, கடைசியாகப் பள்ளி வந்து பார்த்தது எப்போது. மூத்த மகன் கல்லூரி விடுமுறைக்கு வீடு திரும்பியிருக்கிறான், ஒரு வாடகைதாரர் புதிதாக வந்திருக்கிறார் என்பது போன்ற மாற்றங்கள் அடுத்த ஆறுமாதச் சோதனை வரை பள்ளிக்கே தெரியாமல் போகலாம். பிள்ளை போனில் சொல்லும் சாதாரணத் தகவலிலிருந்து இது தெரியவந்தால், பள்ளிக்கு எழுதத் தயங்க வேண்டாம்.

அவசரத்துக்கு எந்நேரமும் கூப்பிடக் கூடிய பள்ளியின் தொடர்பு எண் பிள்ளையின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. கைப்பேசி தொலையும் நாளில்தான் அது தேவைப்படும்.

முதலில் இருபது வாரம் ஆங்கில வகுப்பு, பிறகு பள்ளி. இரண்டும் வேறு வேறு நிறுவனம். பொறுப்பு யாருடையது?

இடைவெளி இல்லாமல் யாராவது ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஆங்கில வகுப்பு நடத்தும் நிறுவனம் தன் காலத்துக்கு ஒரு கடிதமும், பள்ளி தன் காலத்துக்கு ஒரு கடிதமும் தரலாம். அல்லது இரண்டில் ஒருவர் மொத்தக் காலத்துக்கும் ஏற்கலாம். இரண்டு கடிதம் என்றால் முதல் கடிதத்தின் கடைசி நாளையும் இரண்டாவதின் முதல் நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கில வகுப்பு வெள்ளிக்கிழமை முடிகிறது, பள்ளி மூன்று வாரம் கழித்துத் தொடங்குகிறது என்ற இடத்தில்தான் ஓட்டை விழும். முதல் நிறுவனத்தின் ஏழு நாள் கழிந்தபின் மீதி இரண்டு வாரம் யாருடைய கணக்கிலும் இல்லாமல் கிடக்கும். விண்ணப்பிக்கும் முன் பள்ளியிடம் அதன் தொடக்க நாளை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

விடுமுறையில் தோழி வீட்டில் பத்து நாள் தங்கலாமா? பண்டிகைக்கு ஒரு வார இறுதியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமா?

பள்ளியின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு போகலாம். பள்ளியின் பொறுப்பில் இருக்கும் பிள்ளை, ஒப்புதல் பெற்ற இடத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்பதும் 8532-இன் பகுதிதான். ஒவ்வொரு பள்ளிக்கும் இதற்கு ஒரு படிவமும், எத்தனை நாள் முன்பு கேட்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். எங்கே, யாருடன், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, அந்த வீட்டுப் பெரியவரின் தொடர்பு எண், பெற்றோர் சம்மதம், இவ்வளவும் கேட்பார்கள்.

‘அம்மா வாட்ஸ்ஆப்பில் சரி என்று சொல்லிவிட்டார்’ என்பது பெற்றோர் சம்மதம் மட்டுமே, பள்ளியின் ஒப்புதல் அல்ல. பதினாறு வயதில் இது புரிவது கஷ்டம்தான். கிளம்பும் முன்பே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருவதானால் பயணத் தேதிகளைப் பள்ளிக்கும் ஹோம்ஸ்டேக்கும் முன்கூட்டிச் சொன்னால் போதும். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே திரும்புவதாக இருந்தால், அந்த நாட்களில் வீட்டுக்காரர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள். விடுதியில் தங்கும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பல பள்ளி விடுதிகள் விடுமுறைக்கு மூடிவிடும்.

நானே மகளோடு போய் இருக்க விரும்புகிறேன். காப்பாளர் விசாவில் அங்கே வேலை பார்க்கலாமா?

முடியாது. சப்கிளாஸ் 590 விசாவில் எந்த வேலையும் கூடாது. மூன்று மாதம் வரை படிக்கலாம். ஆங்கில வகுப்பு என்றால் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை, விசா இருக்கும் காலம் முழுதும். மூன்று ஆண்டு உங்கள் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடக்குமா என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டு இந்த வழிக்கு வாருங்கள்.

இதைவிடக் கடினமான நிபந்தனை ஒன்று உண்டு. பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேற முடியாது. ஊரில் தாயாருக்கு உடல்நிலை மோசம் என்பது போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு செய்து அதற்கு ஒப்புதல் பெற்ற பிறகே கிளம்பலாம். அதனால் புத்திசாலித்தனமான காரியம், பிள்ளை சேர்ந்த முதல் மாதத்திலேயே ‘எனக்கு அவசரம் வந்தால் தற்காலிகமாக நலப்பொறுப்பை நீங்கள் ஏற்பீர்களா, எத்தனை நாளில்?’ என்று பள்ளியிடம் கேட்டு வைத்துக்கொள்வது. நள்ளிரவில் போன் வரும்போது கேட்கிற கேள்வி அல்ல அது.

வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட இன்னொரு குழந்தை இருந்தால் இந்த விசா பெரும்பாலும் கைகூடாது. இரக்கத்துக்குரிய, வலுவான காரணம் காட்டினால்தான் அந்தக் குழந்தையையும் சேர்ப்பார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்குத் தனி மாணவர் விசா எடுக்க வேண்டும். ஒரே காப்பாளர் ஒன்றுக்கு மேற்பட்ட மாணவப் பிள்ளைகளோடு தங்கலாம். மாணவி உங்களுக்கு முன்னதாகத் தனியே போய் இறங்கக் கூடாது. இருவரும் சேர்ந்தே போங்கள்.

ஹோம்ஸ்டே சாப்பாடு ஒத்துவரவில்லை. அத்தை வீடு பக்கத்தில்தான். அடுத்த வாரமே மாறிவிடலாமா?

மாறலாம், அடுத்த வாரம் அல்ல. பள்ளியின் பொறுப்பிலிருந்து உறவினரின் பொறுப்புக்கு மாறுவது என்பது ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குத் தாவுவது. அதைத் தீர்மானிப்பது பள்ளியோ நீங்களோ அல்ல, விசா வழங்கும் ஆஸ்திரேலிய உள்துறை.

முதலில் பள்ளிக்கு எழுதுங்கள். பிறகு 157என் படிவமும் மேலே சொன்ன உறவுச் சங்கிலி ஆவணங்களும் அத்தையின் காவல்துறைச் சான்றும் உள்துறைக்குப் போகும். அவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரை பிள்ளை பழைய வீட்டிலேயே இருக்க வேண்டும். ஒப்புதல் வந்தபின் அதைப் பள்ளிக்குத் தெரிவித்தால், பள்ளி தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். இந்த வரிசை மாறி, பிள்ளை முதலில் பெட்டியோடு அத்தை வீட்டுக்குப் போய்விட்டால், தகுதியுள்ள உறவினர் வீடாகவே இருந்தாலும் அவள் அப்போது ஒப்புதல் இல்லாத இடத்தில் இருக்கிறாள். பள்ளி தன்னால் இனி இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தர முடியாது என்று முடிவுசெய்தால் 24 மணிநேரத்துக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசா ரத்துக்கான நடவடிக்கை அங்கிருந்து தொடங்கக் கூடும்.

சிக்கல் வெறும் சாப்பாடு, அறை, தொலைவு என்றால் பள்ளியிடமே வேறு ஹோம்ஸ்டே கேட்பது எளிது. அதற்கு உள்துறை வரை போக வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம், பள்ளியின் அவசர எண்ணை உடனே அழையுங்கள். அன்றிரவே வேறிடம் ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

பள்ளியை மாற்ற நினைக்கிறோம். நலப்பொறுப்பு என்னவாகும்?

முதல் பள்ளிப் படிப்பின் முதல் ஆறு மாதத்துக்குள் மாறுவதற்குப் பழைய பள்ளியின் விடுவிப்பு வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஆதரவும், பிள்ளை பெற்றோர் அல்லது உறவினரோடு இல்லாவிட்டால், புதிய பள்ளி நலப்பொறுப்பை ஏற்கிறது என்ற உறுதியும் சேர வேண்டும். பழைய பள்ளியும் புதிய பள்ளியும் பேசி, இடைவெளி விழாதபடி பொறுப்பு மாறும் நாளைக் குறிப்பார்கள்.

சேர்க்கையே ரத்தானாலும் பள்ளி மறுநாளே கைகழுவிவிட முடியாது. இன்னொரு நிறுவனம் பொறுப்பேற்கும்வரை, அல்லது பிள்ளை நாட்டைவிட்டுக் கிளம்பும்வரை, அல்லது விதிகளுக்குப் பொருந்தும் வேறு ஏற்பாடு அமையும்வரை தங்குமிடத்தைக் கவனிக்கும் கடமை அதற்கு உண்டு. தன்னால் இனி ஒப்புதல் தர முடியாது என்று முறைப்படி உள்துறைக்குத் தெரிவித்துவிட்டால்தான் அந்தக் கடமை தீரும். பிள்ளையைத் தொடர்புகொள்ளவே முடியாமல் போய், கவலைக்கு இடமிருந்தால் பள்ளி காவல்துறைக்கும் சொல்லும்.

18 நிறைந்த மறுநாள் தனி வீடு எடுத்துக்கொள்ளலாமா?

விசாவின் பார்வையில் ஆம். 8532 அன்றோடு பொருந்தாமல் போகிறது. ஆனால் பள்ளி சேர்க்கை ஒப்பந்தத்தைத் திரும்பப் படியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒப்புதல் பெற்ற ஹோம்ஸ்டேயிலோ விடுதியிலோ இருக்க வேண்டும் என்று தன் சொந்த விதியாகச் சில பள்ளிகள் எழுதியிருக்கும். நம் உதாரணத்து மகளுக்கு 2029 ஆகஸ்டில் 18 நிறைகிறது, இறுதித் தேர்வுகள் அதற்குச் சில வாரங்கள் கழித்து. அந்த நேரத்தில் வாடகை வீடு தேடுவதா என்பதை அவளிடமே கேளுங்கள். 590 விசாவில் உடனிருக்கும் பெற்றோருக்கு மட்டும் இந்தப் பிறந்தநாளின் பொருள் வேறு: பொதுவாக அவர்களின் விசாக்காலம் அதோடு முடியும் என்பதால், கடைசித் தேர்வு வரை கூடவே இருக்கலாம் என்று நினைத்துத் திரும்பும் டிக்கெட்டை டிசம்பருக்கு எடுத்துவிடாதீர்கள்.